எட்டு வாரத்துக்கு மாத்தின ஸ்குவாட், டெட்லிஃப்ட் அட்டவணை

தம்பி, இடுப்பு வலி காலுக்கு இறங்கலை, டாக்டரும் எடை தூக்கலாம்னு சொல்லிட்டார்னு நேத்து சொன்னே. அதை நம்பித்தான் இதை எழுதுறேன்.

இதுவரை 80 கிலோ ஸ்குவாட் முடிச்ச கையோட, 100 கிலோ டெட்லிஃப்ட். ரெண்டுமே 5 செட், 5 ரெப். உனக்கு இடுப்பு பிடிச்சதெல்லாம் டெட்லிஃப்ட்டோட கடைசி ரெண்டு செட்ல. ஸ்குவாட்லயே களைச்சுப்போன முதுகு அங்க வளைஞ்சு கொடுக்குதுன்னு நினைக்கிறேன். அதனால முதல் மாற்றம், ரெண்டையும் பிரிக்கிறோம்.

திங்கள்: பாக்ஸ் வெச்சு கோப்லெட் ஸ்குவாட். 16 கிலோ டம்பெல், 4 செட், 8 ரெப், மூணு எண்ணி இறங்கு. எடை நெஞ்சுக்கு முன்னாடி இருந்தா உடம்பு நிமிர்ந்தே இருக்கும், கீழ்முதுகுக்குச் சுமை குறையும். பாக்ஸ் உயரத்தை மட்டும் கண்ணளவுல வைக்காதே. பக்கவாட்டுல வீடியோ எடு. எந்த ஆழத்துல இடுப்பு உள்ள சுருண்டு கீழ்முதுகு உருளுதோ, அதுக்கு ரெண்டு விரல் மேல பாக்ஸ் நிக்கணும். நாலாவது வாரத்துல ஃப்ரண்ட் ஸ்குவாட், 30 கிலோவுல. பேக் ஸ்குவாட் இந்த எட்டு வாரமும் வேண்டாம்.

வியாழன்: டிராப் பார் டெட்லிஃப்ட், உயரமான கைப்பிடியில. 50 கிலோ, 4 செட், 5 ரெப். அந்த பார் உன்னைச் சுத்தி இருக்கறதால எடை முன்னாடி இழுக்காது. ஒவ்வொரு ரெப்பும் தரையில வெச்சு, வயிறு, விலா, முதுகு எல்லாப் பக்கமும் மூச்சை நிரப்பி இறுக்கிட்டு, அப்புறம் தூக்கு. தட்டித் தூக்குற வேலையே கூடாது. பார் கிடைக்கலைன்னா, சாதா பாரை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரி பிளாக் மேல வை, எடை அதே. வாரம் 2.5 கிலோ ஏத்தலாம், போன வாரம் தொந்தரவு இல்லாம போயிருந்தா மட்டும்.

ரெண்டு நாளும் தூக்குறதுக்கு முன்னாடி, முதுகெலும்பு ஆய்வாளர் மெக்கில் சொன்ன மூணு பயிற்சி: கர்ல்-அப், சைடு பிளாங்க், பேர்ட் டாக். 10 வினாடி பிடிச்சு விடு, களைக்கிற வரைக்கும் போகாதே.

எழுந்ததும் நேரா 5:30-க்கு ஜிம்முக்கு வர்றியே, அதை சாயங்காலத்துக்கு மாத்து. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீர் இழுத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியறதும் தூக்குறதும் அதுக்கு ஆகாது.

வலியைப் பத்துக்குக் கணக்கு வை. 2 வரைக்கும் இருந்து மறுநாள் காலையில போயிட்டா தொடரலாம். 3-ன்னா எடையைப் பாதியாக்கு. 4 வந்தா அன்னைக்கு அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழ சுளீர்னு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ நிறுத்திட்டு டாக்டரைப் பார். ரெண்டு தொடைக்கும் நடுவுல மரத்தாலோ, சிறுநீர் கழிக்கிறதுல சிக்கல் வந்தாலோ, எனக்கு போன் பண்ணிட்டு இருக்காதே, உடனே அவசரப் பிரிவுக்குப் போ.

திங்கள் முதல் செட் வீடியோவை அப்பவே அனுப்பு. பாக்ஸ் உயரத்தைப் பார்த்துச் சொன்னப்புறம் மீதி மூணு செட்டைப் பண்ணு.