340 என்றால் 340 என்றே எழுது

அன்புள்ள கவின்,

நேற்று நீ வீட்டுக்குக் கிளம்பும் முன் உன்னிடம் தனியாகப் பேச நினைத்தேன், முடியவில்லை. அறை முழுக்க ஆட்கள். உன் மாமா, "ஸ்வீட்டு நெறைய தின்னுருப்பான் டாக்டர், அதான்" என்று சொன்னதும் நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ எதையும் தின்று இந்தச் சுகர் நோய் வரவில்லை. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களையே எதிரி என்று நினைத்து அழித்துவிட்டது. தாத்தாவுக்கு இருக்கும் சுகர் வேறு, உனக்கு வந்திருக்கும் டைப் ஒன் வேறு. தாத்தா மாத்திரையில் சமாளிக்கிறார் என்பதற்காக நீயும் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இன்சுலினை மட்டும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அவனுக்கு வயது 14, உன்னைவிட ஒன்று குறைவு. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு சில மாதங்கள் இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியமாக இருந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. இன்னும் சில வாரங்களில் உனக்கே ஒரு சோதனை வரலாம்: திடீரென்று சுகர் நன்றாகக் குறையும், இன்சுலினும் கொஞ்சமாகவே தேவைப்படும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் மூச்சு வாங்கி வேலை செய்வதுதான் காரணம், இதற்கு ஹனிமூன் என்று பெயர் வைத்திருக்கிறோம், சிரிக்காதே. சரியாக அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு லேகியத்தோடு வந்து "பாத்தியா, குணமாயிருச்சு" என்பார்கள். பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னால் குடித்துக்கொள், கசப்பு உன் பாடு, ஆனால் ஊசியை விட்டுவிடாதே. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாளிலும் ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாமல் எனக்குப் போன் பண்ணு. வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் போன்கூட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.

அப்புறம் லோ சுகர். கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணு, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடி. சாக்லேட், பிஸ்கட் எல்லாம் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். கபடி ஆடலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம், என்னிடமே கேட்டிருக்கலாம். தாராளமாக ஆடு. வாசிம் அக்ரம் இதே டைப் ஒன்னோடுதான் வருஷக்கணக்காக வேகப்பந்து வீசினார். களத்தில் இறங்கும் முன் டெஸ்ட் பண்ணு, குளுக்கோஸ் பொட்டலம் பையில் இருக்கட்டும், உன் கூட்டாளி ஒருவனுக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

இப்போது நோட்டு விஷயம். நான் கொடுத்த நீல அட்டை நோட்டில் தினமும் சுகர் அளவை எழுதச் சொன்னேன் இல்லையா, அதில் பொய் எழுதுவாய் என்று எனக்கு இப்போதே தெரியும். கோபித்துக்கொள்ளாதே, உன் வயசுப் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஒரு மாசக் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 110, 120, 130 என்று சுத்தமாக இருக்கும். உண்மையான நோட்டில் ரத்தக் கறை இருக்கும், சாம்பார் சிந்தியிருக்கும், 287-க்குப் பக்கத்தில் "புரோட்டா" என்று கிறுக்கியிருக்கும். எனக்கு அந்த நோட்டுதான் வேண்டும். இது மார்க் ஷீட் இல்லை கவின். 340 வந்தால் நீ ஃபெயில் என்று அர்த்தம் இல்லை, டோஸை நான் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். நீ 140 என்று எழுதினால் நான் எதை வைத்து மாற்றுவேன்? ஊசி போட மறந்தாலும், போடப் பிடிக்காமல் விட்டாலும் அப்படியே எழுது. நான் திட்ட மாட்டேன்.

வார்டில் முதல் மூன்று நாளும் அம்மா ஊசி போடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். நாலாம் நாள் காலையில் இன்சுலின் பேனாவை நீயே வாங்கி, வயிற்றில் குத்தி, பத்து எண்ணும் வரை எடுக்காமல் வைத்திருந்தாய். எட்டிலேயே எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒரே இடத்தில் குத்தாதே, கட்டி விழும். வயிறு, தொடை என்று மாற்றி மாற்றிப் போடு.

வருகிற வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வா. மாமாவும் கூட வந்தால் வரட்டும், அவரை வெளியே உட்கார வைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் டாக்டர்