ஞாயிறு டேங்க் கிளீனிங், ஆர்.ஓ. சர்வீஸ்

அனைவருக்கும் வணக்கம். வெயில் ஏறுவதற்குள் சம்ப்பையும் மூன்று பிளாக் மொட்டைமாடி டேங்குகளையும் வரும் ஞாயிறு (மார்ச் 8) கழுவுகிறோம். காலை 7 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. சனி இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறக்காதீர்கள். போன முறை ஒரு வீட்டில் ஹால் வரை தண்ணீர்!

டேங்கில் குளோரின் போட்டுக் கழுவுவதால், ஆர்.ஓ.வுக்குப் போகும் வால்வை ஞாயிறு காலையே மூடிவிடுங்கள். குளோரின் பட்டால் மெம்பிரேன் வீணாகும். தண்ணீர் வந்ததும் குழாயில் முதல் இரண்டு பக்கெட்டைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளலாம். அன்று குடிக்க, சமைக்க கேன் தண்ணீர்தான்.

ஆர்.ஓ. சர்வீஸ் ஆள் திங்கள், செவ்வாய் வருவார். சர்வீஸ் 350 ரூபாய், ஃபில்டர் தனி. பழைய ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். வேண்டுவோர் வெள்ளிக்குள் வீட்டு எண்ணை இங்கேயே போடவும்.

– செயலாளர்