மதிப்பெண் அட்டை: காது மெஷின் பிராண்டிங், ஏஜென்சி தேர்வு

நடுவர்கள் ஐவருக்கும்,

மூன்று முன்மொழிவுகளும் வந்துவிட்டன. பெயர்களை மறைத்து அ, ஆ, இ என்று குறித்திருக்கிறேன். மாதிரிப் படைப்புகள் உள்ள பக்கங்கள் தனி உறையில் இருக்கின்றன. அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

சென்ற முறை பெட்டி வடிவமைப்புக்கு ஆள் தேடியபோது மாதிரிகளின் அழகில் மயங்கி ஓர் ஏஜென்சியை எடுத்தோம். அவற்றை வரைந்தவர் அங்கே இப்போது இல்லை என்பது வேலை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த மாதிரிகள் வேறு யாருக்கோ இருந்த சிக்கலுக்கு, வேறு பட்ஜெட்டில் கிடைத்த விடைகள். நம் சிக்கலை இவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

ஒவ்வொரு அம்சத்துக்கும் 0 முதல் 5 வரை போடுங்கள். அதைப் பக்கத்தில் உள்ள எண்ணால் பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் 100 வரும்.

1. சிக்கலைப் புரிந்துகொண்ட விதம் (×6)
நாம் கொடுத்த குறிப்பில் "தோற்றம் பழசாகிவிட்டது, இளமையாக்க வேண்டும்" என்று எழுதியிருந்தோம். அதையே திருப்பிச் சொன்னால் 1. மெஷின் போடுகிறவர் ஒருவர், காசு கொடுக்கும் மகனோ மகளோ வேறொருவர் என்பதைக் கவனித்து, போடுவதில் உள்ள கூச்சத்தைத் தொட்டிருந்தால் 3. நம் குறிப்பையே காரணத்தோடு மறுத்திருந்தால் 5. உதாரணமாக, "வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் அலமாரியில் வைத்துவிடுகிறார்களா என்று முதலில் பாருங்கள், லோகோ அப்புறம்" என்று சொல்லி, அதைக் கண்டறியும் வழியையும் எழுதியிருக்க வேண்டும். மறுப்பு நமக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

2. காரணம் சொல்லும் திறன் (×5)
கண்டறிந்ததிலிருந்து பரிந்துரைக்கு வரும் வழி தெரிகிறதா? எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்? ஒரு சின்ன சோதனை: நம் பெயரை அடித்துவிட்டு ஒரு வங்கியின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் 1-க்கு மேல் வேண்டாம்.

3. யோசனை வடிவமாகும் வழி (×3)
இரண்டு வடிவங்களில் ஒன்றை எதை வைத்துத் தேர்வார்கள், வயதானவர்களிடம் காட்டிச் சோதிப்பார்களா என்று பாருங்கள். இணைய அணுகல்தன்மைக்கான ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. நம் வாடிக்கையாளர்களின் வயதுக்கு அதை யாராவது யோசித்திருந்தால் நல்ல அடையாளம்.

4. வேலை செய்யப்போகிறவர்கள் (×3)
யார், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்க வேண்டும். "எங்கள் மூத்த குழு" என்று மட்டும் இருந்தால் 0.

5. திட்டமும் கட்டணமும் (×2)
திருத்தங்கள் எத்தனை சுற்று, மூலக் கோப்புகள் யாருக்குச் சொந்தம், எழுத்துரு உரிமத்துக்கு யார் பணம் கட்டுவது. தொகை குறைவு என்பதற்காக மட்டும் கூட்டிப் போட வேண்டாம்.

6. மாதிரிகள் (×1)
முதல் ஐந்தையும் போட்டு முடித்த பிறகு உறையைத் திறங்கள். என்ன சிக்கலுக்குச் செய்தது, அதன்பின் என்ன மாறியது என்று சொல்லாத மாதிரிக்கு 2-க்கு மேல் இல்லை. ஆ என்ற ஏஜென்சி நாம் கேட்காமலே நமக்கு மூன்று லோகோ வரைந்து அனுப்பியிருக்கிறது. உழைப்பு தெரிகிறது, ஆனால் நம் வாடிக்கையாளர் ஒருவரிடம்கூடப் பேசாமல் வரைந்தவை. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

கணக்கு இப்படி வரும்: 2, 2, 3, 3, 4 வாங்கிய முன்மொழிவு மாதிரிகளுக்கு முழு 5 பெற்றாலும் 53-தான். 4, 4, 3, 3, 3 வாங்கியது மாதிரிகளில் 2 மட்டும் எடுத்து 70-க்குப் போய்விடும். இது வேண்டுமென்றே வைத்தது. முதல் அம்சத்தில் ஐவரின் சராசரி 3-க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அந்த ஏஜென்சியை நேர்காணலுக்கு அழைக்க மாட்டோம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் முன்மொழிவின் பக்க எண்ணும் ஒரு வரிக் காரணமும் வேண்டும். காரணம் இல்லாத எண்ணைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரே அம்சத்தில் இருவருக்குள் 2 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், கூட்டத்தில் அந்த இருவரும் முதலில் பேசுவார்கள். நிர்வாக இயக்குநர் கடைசியில் பேசச் சம்மதித்திருக்கிறார்.

நேர்காணல் 45 நிமிடம். அதில் 15 மட்டும் அவர்களுக்கு, மீதி நம் கேள்விகளுக்கு. எல்லோரிடமும் இந்த இரண்டையும் கேட்போம்: "எங்கள் குறிப்பில் எது தவறு?", "நீங்கள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தள்ளியது எது, ஏன்?" பதில்களைக் கேட்ட பிறகு 1 முதல் 4 வரையிலான அம்சங்களின் எண்களை ஒரே ஒரு முறை மாற்றலாம், காரணம் எழுதி.

அட்டையை வியாழன் மாலைக்குள் எனக்கு மட்டும் அனுப்புங்கள். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டாம். குறிப்பை எழுதியவன் நான் என்பதால் நான் மதிப்பெண் போடவில்லை.