செவலைக் கோழியும் ஒரு பிடிக் கம்பும்

சின்னச் சிவப்புக் கோழி ஒன்று கோதுமை விதைத்து, அறுத்து, ரொட்டி சுட்ட கதை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1874இல் அமெரிக்கச் சிறுவர் இதழ் ஒன்றில் அச்சேறிய கதை. நம் கிராமத்துப் பிள்ளைக்கு அதைச் சொன்னால் ரொட்டி மணம் மூக்குக்கு எட்டுவதில்லை. கம்மங்கூழ் மணம் எட்டும். அதனால் அந்தக் கோழியைக் கரிசல் காட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, மழையை நம்பி விதைக்கிற ஊர் ஒன்று. அங்கே ஒரு செவலைக் கோழி எட்டுக் குஞ்சுகளோடு இருந்தது. அக்கம்பக்கத்தில் மூன்று பேர். அடுப்படிச் சாம்பல் சூட்டில் பூனை. வேப்பமரத்து நிழலில் நாய். கண்மாய்ச் சகதியில் எருமை.

புரட்டாசி மாதம் ஒருநாள் காலை, வண்டிப்பாதை ஓரம் கிளறிக்கொண்டிருந்த கோழிக்குக் கம்பு தட்டுப்பட்டது. ஒன்றிரண்டு மணி இல்லை, ஒரு பிடி இருக்கும். விதைக்கக் கொண்டுபோன சாக்கில் ஓட்டை இருந்திருக்க வேண்டும்.

குஞ்சுகள் விழுந்தடித்து ஓடி வந்தன. "அம்மா, தின்னலாமா?"

கோழி இறக்கையை விரித்து மறைத்தது. "இப்போ தின்னா ஒருவாய்க்குக் காணாது. விதைச்சா தை மாசம் வயிறு நிறையும். பொறுங்க."

பசித்த பிள்ளையிடம் பொறு என்று சொல்வது எந்தத் தாய்க்கும் லேசான காரியம் இல்லை. அன்று முழுக்க அந்தக் கோழி குப்பைமேட்டைப் புரட்டிப் புரட்டிப் புழு பூச்சி எடுத்துக் கொடுத்தது. கம்பில் மட்டும் அலகு வைக்கவில்லை.

மறுவாரம் நல்ல மழை. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் அதிகமாக இருந்தால் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். நடுவில் பதமாக இருப்பது சில நாள்தான். அந்த நாளை விட்டால் அப்புறம் விதைப்பு கிடையாது. கோழி அவசரமாக நாயிடம் போனது.

"தம்பி, எலும்பைப் புதைக்க நீ தினமும் குழி தோண்டுறே. உன் நகத்துக்கு இது ஒரு வேலையே இல்ல. ஓடையோரம் கொஞ்சம் மண்ணைக் கிளறிக் குடு. கம்பு விதைக்கணும்."

நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "ராத்திரி பூரா காவல்க்கா. பகல்ல கண்ணசந்தாத்தான் உண்டு. என்னால முடியாது."

பூனையிடம் போனது. "ஈரத்துல கால் வச்சா எனக்கு ஆகாது மதினி. என்னால முடியாது."

எருமையிடம் போனது. "எந்திரிச்சா ஈ மொய்க்குது ஆத்தா. என்னால முடியாது."

"சரி, நானே பார்த்துக்கிறேன்" என்றது கோழி.

அப்படியே செய்தது. காலால் மண்ணைக் கிளறி, அலகால் கோடு போட்டு, விரற்கடை ஆழத்தில் ஒவ்வொரு மணியாகப் போட்டு மூடியது. குஞ்சுகள் பின்னாலேயே வந்து மண்ணை மிதித்துவிட்டன. இரண்டு நாள் வேலை. நாயாக இருந்தால் கால் நாளில் முடித்திருக்கும்.

முளை வந்தது. நெருக்கமாக வந்த இடத்தில் கலைத்துவிட வேண்டும், களை பறிக்க வேண்டும். அதற்கும் கூப்பிட்டது. அதே மூன்று பேர், அதே பதில். கோழியும் குஞ்சுகளும் பறித்தன.

கார்த்திகையில் பயிர் கதிர் வாங்கியது. கம்பு விளைவித்தவர்களுக்குத் தெரியும், உண்மையான கஷ்டமே அதற்கு அப்புறம்தான். சோளக்கதிரோ கம்மங்கதிரோ, பால் பிடித்து மணி முற்றுகிற வரைக்கும் குருவிக்கும் கிளிக்கும் அங்கேதான் பந்தி. கதிரில் மணிகள் மூடாக்கு இல்லாமல் வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும். சிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கி எழுந்தால், அடியிலிருந்து நுனிவரை வெறும் சக்கைதான் மிஞ்சும்.

கோழி இப்போது பூனையிடம் முதலில் போனது.

"மதினி, நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வரப்புல சும்மா நடந்து வந்தா போதும். உன் வாலைப் பார்த்தாலே குருவி கிட்ட வராது."

"மார்கழி பிறக்கப் போகுது. இந்தப் பனியில வெளிய வர முடியுமா? என்னால முடியாது" என்று பூனை சாம்பலுக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டது.

"தம்பி, நீயாவது படுத்த இடத்துல இருந்தே ஒரு குரைப்புக் குரைச்சிரு. அது போதும்."

"சும்மா குரைச்சா வீட்டுக்காரர் வைவார்க்கா. என்னால முடியாது."

எருமை தலையைத் தூக்கவே இல்லை. "முடியாது" என்பது மட்டும் சகதிக்குள்ளிருந்து வந்தது.

"சரி, நானே பார்த்துக்கிறேன்."

விடியும் முன்னே எழுந்து, ஆளுக்கு ஒரு மூலையாகக் குஞ்சுகளை நிறுத்தியது கோழி. அதற்குள் குஞ்சுகளும் வளர்ந்து, கழுத்தில் முடி முளைத்த விடலைகளாகியிருந்தன. குருவி இறங்கினால் கீழ்மூலைக் குஞ்சு கத்தும், மேல்மூலைக் குஞ்சு இறக்கையடித்து ஓடும். தொண்டை கட்டிப்போன பிறகும் கத்தின. ஒரு வாரம் கோழி பகலில் படுக்கவே இல்லை. இருந்தும் கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசைக் கதிர் போய்விட்டது. அதைப் பார்த்துக் கடைக்குட்டி அழுதது. "போனது போகட்டும், நிக்கிறதைப் பாரு" என்றது கோழி.

தை பிறந்தது. கதிர் முற்றி மணி கல்லாகியிருந்தது. கதிரை மட்டும் ஒடித்துக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டது.

"அத்தை, களத்துல நாலு சுத்துச் சுத்தி மிதிச்சுக் குடுத்தா மணி எல்லாம் உதிர்ந்துரும். உங்க குளம்புக்கு அது ஒரு வேலையா?"

"வெயில்ல தோல் எரியும் ஆத்தா. என்னால முடியாது." நாயும் பூனையும் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டிவிட்டன.

"சரி, நானே பார்த்துக்கிறேன்." ஒவ்வொரு கதிராகக் காலில் மிதித்துக்கொண்டு அலகால் கொத்தி உதிர்த்தது. காற்று வந்த பக்கமாக நின்று ஒன்பது பேரும் இறக்கையடித்தார்கள். தூசி ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் மணி குவிந்தது. வண்டிப்பாதையில் கிடந்தது ஒரு பிடி. களத்தில் இருந்தது இரண்டு குறுணிப் பெட்டி.

தட்டையைக் கிழக்குத் தெருப் பாட்டி வீட்டு ஆட்டுக்குப் போட்டது. பாட்டி பதிலுக்கு உரலையும் சுளகையும் கொடுத்து, ஒரு செம்பு மோரும் கொடுத்தாள்.

கம்பை அப்படியே குத்தினால் உமி போகாது. தண்ணீர் தெளித்துப் பிசறி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் குத்த வேண்டும். உலக்கை பிடிக்க யாராவது வருவார்களா என்று கோழி கடைசியாக ஒருதரம் மூன்று பேரையும் பார்த்தது. மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். எட்டு விடலைகளும் தாயுமாக உலக்கையைத் தூக்கிப் போட்டார்கள். புடைத்து, மறுபடி குத்திக் குருணையும் மாவுமாக்கி, கொதிக்கிற உலையில் போட்டுக் கிண்டினார்கள். சோறு இறுகி, கரண்டி நட்டால் நிற்கிற பதம் வந்ததும் இறக்கி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள்.

மறுநாள் காலை மண்சட்டியில் உருண்டையைக் கரைத்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டது கோழி. சின்ன வெங்காயம் உரித்து வைத்தது. மோர்மிளகாய் வறுபட்ட வாசம் தெரு முழுக்கப் போனது.

சாம்பலை உதறிக்கொண்டு பூனை வந்தது. பனி அதற்கு ஒன்றும் செய்யவில்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பகல் தூக்கம் கலைந்துவிட்டது. சகதி சொட்டச் சொட்ட எருமையும் வந்து நின்றது.

"கூழ் குடிக்க யார் யார் வர்றீங்க?" என்று கேட்டது கோழி.

"நான்!" "நான்!" "நானும்!"

"இல்ல" என்றது கோழி. "மண்ணு கிளற நான் வந்தேன். களை பறிக்க என் பிள்ளைங்க வந்துச்சு. குருவி விரட்டினதும், கதிர் உதிர்த்ததும், உலக்கை போட்டதும் நாங்கதான். குடிக்கப்போறதும் நாங்கதான்."

"கூழ் வேண்டாம், அந்த மோரையாவது கொஞ்சம்…" என்றது பூனை.

"அது தட்டை போட்டு வாங்கின மோர்."

"அப்போ தட்டையாவது?" என்றது எருமை.

"உதிர்த்துக் குடுத்திருந்தா முழுத் தட்டையும் உங்களுக்குத்தான் அத்தை. இப்போ அது ஆட்டு வயித்துல இருக்கு."

நாய் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மிச்சம் மீதி இருந்தா?" என்றது.

"உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லைன்னு ஊர்ல சொல்லுவாங்க தம்பி. நீ ஊருக்குக்கூடப் போகல. இந்த மரத்தடியிலதான் படுத்திருந்தே."

பூனையும் எருமையும் வந்த வழியே போயின. கடைக்குட்டி தாயின் இறக்கையை இழுத்தது. "அம்மா, பாவம்மா. ஒரு வாய் குடுக்கலாமா?"

கோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. அது கல்நெஞ்சுக்காரக் கோழி இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நான் நிறுத்தி நிதானமாகத்தான் சொல்வேன்.

"நடக்க முடியாம, நோவுல படுத்திருந்து பசின்னு வந்தா என் பங்கையே குடுத்திருவேன் கண்ணு. இவங்களுக்குக் காலும் இருக்கு, பலமும் இருக்கு. நம்மளவிட அதிகமாவே இருக்கு. நாம ராத்திரி பகலாக் கத்தினப்போ கேட்டுக்கிட்டேதானே படுத்திருந்தாங்க. உன் தொண்டை கட்டினதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

கடைக்குட்டி தலையாட்டிவிட்டுச் சட்டியில் அலகை வைத்தது. ஒன்பது பேரும் வயிறு முட்டக் குடித்தார்கள்.

நாய் இன்னும் போகவில்லை. கோழி நல்ல கதிராக நாலைந்தை விதைக்கென்று ஒதுக்கிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. அப்புறம் மெதுவாகக் கேட்டது:

"அடுத்த விதைப்பு எப்பக்கா?"

"புரட்டாசியில மழை விழுந்த மறுநாள். உன்னத்தான் முதல்ல கூப்பிடுவேன். வந்து மண்ணைக் கிளறு. தை மாசம் உனக்கும் ஒரு சட்டி."