ஓட்ஸ் பிஸ்கட் 200 கிராம்: இரண்டு பேட்ச்களைத் திரும்பப் பெறுகிறோம்

அறிவிப்பு நாள்: 22 ஏப்ரல் 2025

நீல உறையில் வரும் எங்கள் ஓட்ஸ் பிஸ்கட்டின் இரண்டு பேட்ச்களைக் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறுகிறோம். இவற்றில் சில பொட்டலங்களுக்குள் ஓட்ஸ் பிஸ்கட்டுக்குப் பதில் நிலக்கடலை பிஸ்கட் இருக்கிறது. உறையில் அச்சிட்ட சேர்பொருள் பட்டியலில் நிலக்கடலை இல்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் சாப்பிடவே கூடாது. ஒவ்வாமை இல்லாதவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் கவலை வேண்டாம், பிஸ்கட்டின் தரத்தில் குறை எதுவும் இல்லை.

திரும்பப் பெறப்படுபவை
பொருள்: ஓட்ஸ் பிஸ்கட், 200 கிராம், நீல உறை
பேட்ச் எண்கள்: 0314-2, 0314-3
தயாரித்த நாள்: 14 மார்ச் 2025
பயன்படுத்த உகந்த கடைசி நாள்: 13 செப்டம்பர் 2025

பேட்ச் எண் பொட்டலத்தின் பின்பக்கம், ஒட்டிய மடிப்புக்குக் கீழே கறுப்பு மையில் இருக்கும். பார்கோடை வைத்துப் பார்க்காதீர்கள். அது எல்லா பேட்ச்களுக்கும் ஒன்றேதான். 400 கிராம் பொட்டலம், எங்கள் மற்ற பிஸ்கட்டுகள், இதே நாளில் தயாரான 0314-1 பேட்ச் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றை வழக்கம்போலச் சாப்பிடலாம்.

எப்படி நடந்தது
இரண்டு வகை பிஸ்கட்டும் ஒரே இயந்திரத்தில்தான் உறையிடப்படுகின்றன. ஒரு வகை முடிந்து அடுத்தது தொடங்கும்போது உறைச் சுருளை மாற்ற வேண்டும். அன்று இரண்டாவது ஷிப்டில் நிலக்கடலை பிஸ்கட் வரத் தொடங்கிய பிறகும் பழைய நீலச் சுருளே சிறிது நேரம் ஓடியிருக்கிறது. பிஸ்கட்டில் கடலைச் சுவை இருப்பதாக வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன பிறகு பதிவேடுகளைச் சரிபார்த்தோம், சேமித்து வைத்திருந்த மாதிரிகளையும் சோதித்தோம். அப்போது இது உறுதியானது. இதுவரை யாருக்கும் உடல்நலக் குறைவு ஏற்பட்டதாக எங்களுக்குத் தகவல் வரவில்லை. இப்போது சுருள் மாறும்போதெல்லாம் உறையின் குறியீட்டை ஸ்கேன் செய்து பொருத்தம் பார்த்த பிறகே இயந்திரம் ஓடும்.

வீட்டில் இருந்தால்
பிரித்துப் பார்த்தோ, கொஞ்சம் கடித்துப் பார்த்தோ கண்டுபிடிக்க முயல வேண்டாம். கடலையை அரைத்து மாவோடு சேர்ப்பதால் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாது. பிஸ்கட்டை டப்பாவில் கொட்டிவிட்டு உறையை எறிந்திருந்தால், எந்த பேட்ச் என்று நினைவில்லாவிட்டால், அதையும் இந்த பேட்ச்தான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் டப்பா, மேசை, கை எல்லாவற்றையும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கைகளுக்குப் போடும் கிருமிநாசினி ஜெல் கடலைப் புரதத்தை நீக்காது. பிள்ளைகளின் தின்பண்ட டப்பாவையும் ஒருமுறை பாருங்கள், அங்கேதான் இது மறந்துபோகும்.

ஒவ்வாமை உள்ளவர் சாப்பிட்டுவிட்டால் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி போன்றவை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். மூச்சு முட்டினாலோ, தொண்டை இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்து வைத்திருந்தால் அதை உடனே போட்டுவிடுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற
பொட்டலத்தை எந்தக் கடையில் வாங்கினீர்களோ அங்கே கொடுத்தால் முழு விலையும் கிடைக்கும். ரசீது தேவையில்லை. பிரித்த பொட்டலம், பாதி சாப்பிட்டது, எதுவானாலும் சரி.

கடைக்குப் போக முடியாவிட்டாலோ இணையத்தில் வாங்கியிருந்தாலோ, பேட்ச் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து, உறையில் அச்சிட்டுள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அனுப்புங்கள். ஒரு பதிவு எண் வரும். அதன் பிறகு பிஸ்கட்டை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம், எங்களுக்கு அனுப்பத் தேவையில்லை. பதிவான நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் பணம் வந்து சேரும். உறை இல்லாதவர்கள் அதே எண்ணில் பேசினால் போதும். எங்கள் மற்ற பொட்டலங்களிலும் அந்த எண் இருக்கிறது. 31 அக்டோபர் 2025 வரை கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: எங்கள் ஊழியர் யாரும் அட்டையின் ரகசிய எண்ணையோ கைபேசிக்கு வரும் ஓடிபியையோ கேட்க மாட்டார்கள். கேட்டால், அந்த அழைப்பு எங்களிடமிருந்து வந்ததல்ல.

கடைக்காரர்களுக்கு
இந்த இரண்டு பேட்ச்களையும் அலமாரியிலிருந்து எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதித் தனியே வையுங்கள். சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். விநியோக வண்டி அடுத்த முறை வரும்போது சரக்கை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுத்த பணமும் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும்.

உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். சந்தேகம் எதுவானாலும் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, விடுமுறை நாட்களிலும், வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசலாம்.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு