நாளை அமாவாசை: வானொலிப் பேச்சு

(காகம் கரையும் ஓசை. மெல்லக் குறைகிறது.)

நேயர்களுக்கு வணக்கம். நாளை அமாவாசை. காலையில் தெருவில் நடந்து பாருங்கள். சில வீட்டு வாசல்கள் தெளித்துப் பெருக்கியிருக்கும், கோலம் மட்டும் இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த வீட்டில் முன்னோருக்கான காரியம் முடிந்த பிறகுதான் கோலமாவு டப்பாவைத் திறப்பார்கள்.

'அமா' என்றால் கூட, சேர்ந்து. சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேர்ந்து நிற்கும் நாள் அமாவாசை. நிலவின் ஒளிபடும் பக்கம் அப்பால் திரும்பிவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை இது நேர்கிறது. நம் தமிழ் மாதமோ சூரியனை வைத்துக் கணக்கிடுவது. அதனால்தான் அமாவாசை மாதத்தின் எந்தத் தேதியிலும் வரும், வீட்டில் எல்லோரும் நாட்காட்டியைப் புரட்டுவோம்.

திதி இரண்டு நாளில் பரவிக் கிடந்தால் எந்த நாளை எடுப்பது? பகலை ஐந்து பங்காக்கி, நான்காம் பங்கைப் பிதுர்களுக்கு உரிய நேரம் என்று வைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடையும் நாளில் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த வேளையில் அமாவாசை திதி இருக்கிறதா என்றுதான் பஞ்சாங்கக்காரர்கள் பார்க்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே முடித்துவிட்டு பஸ் பிடிப்பது வேறு விஷயம்.

தகப்பனாரை இழந்தவர்கள் தர்ப்பணம் செய்வார்கள். செய்பவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? தேவர்களுக்கு விரல் நுனி வழியாக நீர் விடுவது வழக்கம். முன்னோருக்கு அப்படியில்லை. உள்ளங்கையில் கறுப்பு எள், அதன்மேல் தண்ணீர். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சரித்து, தாம்பாளத்தில் பரப்பிய தர்ப்பையின் மேல் விடுவார்கள். எள் இரண்டொன்று விரலில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும்.

அப்போது பெயர்கள் சொல்லப்படும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. பெண்கள் வரிசையில் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. என்னைக் கேட்டால், அமாவாசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் பெயரை வேறு எந்த நாளில், எந்தத் தேவைக்காக நாம் உரக்கச் சொல்கிறோம்? பத்திரப் பதிவில்கூட அவ்வளவு தூரம் போவதில்லை. தர்ப்பணத்துக்கு உட்கார்ந்த பிறகு பெயர் தெரியாமல், பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் அவசரமாகக் கேட்ட வீடுகள் எத்தனையோ. எங்கள் வீடும் அதில் ஒன்று.

தர்ப்பணம் எல்லா வீட்டிலும் கிடையாது. பல வீடுகளில் படத்துக்குப் பூச்சாற்றி, இலைபோட்டுப் படைத்து, சூடம் காட்டுவார்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல். வாழைக்காய் கட்டாயம் இருக்கும். மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை. எது எப்படியானாலும் காக்கைக்கு வைக்காமல் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. மொட்டைமாடிச் சுவரில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்துவிட்டு, "கா... கா..." என்று அம்மா கூப்பிடுவார். காகம் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். பசியோடு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு யுகம். அது வந்து கொத்திவிட்டால், "பாட்டி வந்துவிட்டாள்" என்று யாராவது சொல்வார்கள். நம்பிச் சொல்கிறார்களா, ஆசையில் சொல்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

திருக்குறள் இல்வாழ்வானின் கடமைகளை ஐந்தாக வகுக்கும்போது தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரைத்தான் முதலில் வைக்கிறது. தெய்வமும் விருந்தினரும் சுற்றத்தாரும் பிறகுதான். 'தான்' என்று தன்னைச் சொல்வது கடைசியில்.

ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்று மாத அமாவாசைகளில் கூட்டம் நீர்க்கரைக்குப் போகும். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தம், திருவரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறை, பவானியில் கூடுதுறை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆடி அமாவாசையில் தந்தைக்காகக் கீரிமலைக்குப் போவார்கள். அன்று அவர்கள் வீட்டில் காத்தோட்டிக்காய் சமைப்பார்கள். தாயை நினைக்க அவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி தனியாக இருக்கிறது.

இருட்டு நாள் ஆயிற்றே, கெட்ட நாளா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர்க் கடைக்காரரிடம் கேளுங்கள். 'நிறைந்த அமாவாசை' என்று சொல்லி அன்றைக்குத்தான் பூசணிக்காய் உடைப்பார், புதிய கணக்குத் தொடங்குவார்.

தர்ப்பணத்தின் கடைசியில் ஒரு மந்திரம் வரும். பலர் அதன் பொருள் தெரியாமலே சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். தாயோ தந்தையோ நண்பரோ உறவினரோ இல்லாதவர்கள் எல்லோரும் இந்த நீரால் நிறைவு பெறட்டும் என்பது அது. நம் பெயர்கள் முடிந்தபின், பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்காகவும் ஒரு கை எள்ளும் நீரும்.

(தாம்பாளத்தில் நீர் விழும் ஓசை. நிறைவு.)