பாலக்கோடு உரக்கடை: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

28.11.2025, வெள்ளி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமையோடு என் வேலை முடிகிறது. திங்கள் காலை ஷட்டரைத் தூக்கப்போவது நீங்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன். ஒரு பிரதி முதலாளியிடமும் இருக்கிறது. பில் போடுவது, லோடு இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிட்டேன். பதினோரு வருஷம் கல்லாவில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதில் உங்களுக்கு உடனே வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

தினசரி வேலை

காலை 8 மணிக்குக் கடை திறக்க வேண்டும். முதலில் மருந்து குடோன் கதவையும் பின்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டு, கால் மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. ராத்திரி முழுக்க அடைத்த வாடை தலையைச் சுற்ற வைக்கும். மாதுவுக்கு இது பழக்கம், ஆனால் புதுப் பையன்கள் வந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சாமி படத்துக்கு ஊதுபத்தி கல்லா பக்கம் மட்டும். குடோனில் கந்தகத் தூள் இருக்கிறது, அங்கே தீக்குச்சியே கிழிக்கக்கூடாது.

அப்புறம் பலகை. இருப்பும் விலையும் அன்றன்றைக்கு எழுதி வாசலில் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி 50 கிலோ 1,350. யூரியாவுக்கு 270 கொடுத்தால் மூன்றரை ரூபாய் திரும்பப் போக வேண்டும். சில்லறை இல்லை என்று அமுக்கிக்கொண்டால் அது அதிக விலைக்கு விற்றதாகத்தான் கணக்கு. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் எதிர் டீக்கடையில் 500 ரூபாய்க்குச் சில்லறை மாற்றி வைக்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள்.

தக்காளி மண்டியில் சரக்கை இறக்கிப் பணம் வாங்கியவர்கள் பத்து மணிக்கு மேல் கூட்டமாக வருவார்கள். அந்த நேரம்தான் பி.ஓ.எஸ் மெஷின் சோதிக்கும். மண்ணில் உழைத்த கை, ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. ஈரத்துணியால் விரலை நன்றாகத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் எடுக்கவில்லை என்றால் ஆள்காட்டி விரல், அதுவும் இல்லையென்றால் மற்றக் கை. கல்லாவுக்குக் கீழே இதற்கென்றே இரண்டு துணி வைத்திருக்கிறேன். எத்தனை பேர் வரிசையில் நின்று சத்தம் போட்டாலும், ரேகை வைக்காமல் மூட்டையைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வேறு யார் பெயரிலாவது சரிக்கட்டும் வேலை வேண்டாம். மெஷின், இருப்புப் பதிவேடு, குடோன் மூன்றிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். கடை மூடும் முன் தினமும் எண்ணிப் பார்ப்பேன். இருபது நிமிஷ வேலை. ஆய்வுக்கு வருகிற அன்று அந்த இருபது நிமிஷம்தான் நம்மைக் காப்பாற்றும்.

விதை பில்லில் ரகம், லாட் நம்பர், காலாவதி தேதி மூன்றும் எழுதி விவசாயியின் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பாக்கெட் வாங்கினாலும் இப்படித்தான். ஏன் என்பது நிலுவைப் பகுதியில் தெரியும்.

தொடர்பு

எல்லா நம்பரும் கடை போனில் இருக்கிறது. நான் பதிந்திருக்கும் பெயர்களிலேயே தேடுங்கள்.

"முதலாளி வீடு": 9 மணிக்கு மேல் கூப்பிட்டால் அம்மா எடுப்பார்கள். அவரிடம் சொன்னாலே போதும், சேர்ந்துவிடும்.

"மாது குடோன்": எந்த மூட்டை எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவர் நம்மைவிட வயதில் மூத்தவர். மற்றவர்கள் முன்னால் பெயர் சொல்லி அதட்டாதீர்கள், மாதண்ணா என்று கூப்பிடுங்கள்.

"ஆடிட்டர் தர்மபுரி": ஜிஎஸ்டி. மாதம் 5-ஆம் தேதிக்குள் பில் கட்டு அவர் கையில் இருக்க வேண்டும். 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி வரி.

"மெஷின் தம்பி": பி.ஓ.எஸ் கெட்டால். அவர் வர ஒரு நாள் ஆகலாம், அதனால் சார்ஜர் ஒயரை மடக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏ.டி.ஏ ஆபீஸ்", "தோட்டக்கலை ஆபீஸ்": உரிமம், மானியக் கேள்விகளுக்கு. "பாப்பாரப்பட்டி கேவிகே" என்று ஒன்று இருக்கும். பயிரில் என்ன நோய் என்று நமக்கே புரியாதபோது அங்கே கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுப்பேன். அவசரத்துக்கு, விவசாயிகள் தாங்களே கேட்கக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. சுவரிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

நிலுவை

புதுக் கம்பெனியின் 20-20-0-13 உரம் 40 மூட்டை 19-ஆம் தேதி வந்தது. அவர்களுடைய ஓ படிவம் வந்துவிட்டது, நம் உரிமத்தில் சேர்க்க விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. ஆனால் இன்னும் சேர்ந்து வரவில்லை. அதுவரை ஒரு மூட்டைகூட வெளியே போகக்கூடாது. இடது பக்கம் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். விற்பனைப் பிரதிநிதி போன் போட்டு அவசரப்படுத்துவார். உரிமம் அவருடையது இல்லை, நம்முடையது.

காலாவதியான மருந்து 14 பாட்டில், தனிப் பெட்டியில், "விற்பனைக்கு அல்ல" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறது. டிசம்பர் 10-க்குள் எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எடுக்க வரும்போது 6,480 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் கையில் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுங்கள்.

மாரண்டஅள்ளி பக்கத்து விவசாயி ஒருவர் வாங்கிய தக்காளி விதை ஆறு பாக்கெட்டில் பாதிகூட முளைக்கவில்லை. குழித்தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து கடை முன்னால் வைத்தார். வெறும் கோகோபீட், அங்கங்கே ஒரு நாற்று. அவர் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதே லாட்டில் பிரிக்காத பாக்கெட் இரண்டு இரும்பு பீரோவின் மேல் தட்டில், பில் நகலோடு ஒரு கவரில் இருக்கிறது. கம்பெனி ஆள் 3-ஆம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் 4-ஆம் தேதியே விதை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த விவசாயிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் புதிய ஆள், எனக்குத் தெரியாது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கடன் நோட்டில் 43 பேர், மொத்தம் 2,86,400 ரூபாய். பச்சைக் கோடு போட்ட பெயர்கள் தக்காளி விலை வந்ததும் தாங்களே கொண்டுவந்து கட்டுவார்கள். விலை விழுந்து, பழத்தை ரோட்டோரம் கொட்டுகிற வாரத்தில் அவர்களைக் கேட்காதீர்கள். சிவப்புக் கோடு ஐந்து பேர். அவர்களுக்குப் பழையது பாதியாவது வராமல் புதுக்கடன் வேண்டாம், முதலாளியும் இதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்.

மாம்பூ சீசன் சரக்கு இன்னும் ஆர்டர் போடவில்லை. காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்து தத்துப்பூச்சி மருந்து கேட்டு டிசம்பர் கடைசியில் வர ஆரம்பிப்பார்கள். போன வருஷ விற்பனை, பதிவேட்டில் 61-ஆம் பக்கம். அதில் முக்கால் பங்கு போட்டால் போதும். பூ முழுக்க மலர்ந்து தேனீ வருகிற நேரத்தில் தெளிக்க வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

குடோன் பின் ஓரத்தில் ஓடு ஒழுகுகிறது. இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

எச்சரிக்கை

யூரியா வாங்க வருகிறவர் தலையில் வேறு எதையும் கட்டாதீர்கள். "இதை எடுத்தால்தான் அது" என்று நமக்குச் சரக்கு தருகிறவர் நெருக்கினாலும், அதை அப்படியே விவசாயி மேல் இறக்குவது தப்பு, சட்டப்படியும் தப்பு.

தக்காளி இலை சுருண்டுவிட்டது என்று இலையோடு வருவார்கள். வைரஸ் என்றால், வந்த செடிக்கு மருந்து இல்லை. அதைப் பரப்புகிற வெள்ளை ஈயைத்தான் பிடிக்க முடியும். இந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மஞ்சள் அட்டை கட்டுங்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூன்று பாட்டில் விற்கிற இடத்தில் முப்பது ரூபாய் அட்டை விற்பதாக இருக்கும், பரவாயில்லை. மருந்து கொடுத்தால், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் இருப்பதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கிற பயிர், இதை யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

மருந்து வாங்குகிறவரிடம் பக்கத்து வயலில் மல்பெரி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். காற்றில் போய் அந்த இலையில் படிந்தால், அதைத் தின்ற பட்டுப்புழு ஒரே ராத்திரியில் தட்டோடு போய்விடும். அண்ணன் தம்பிக்குள்ளேயே இதனால் பேச்சுவார்த்தை நின்ற வீடுகள் இந்தப் பக்கம் உண்டு.

கடைசியாக ஒன்று, இதற்காகவே இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். மருந்து கேட்பவரின் முகத்தைப் பாருங்கள். என்ன பயிர், எவ்வளவு நிலம், என்ன பூச்சி என்று கேளுங்கள். விவசாயி என்றால் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார், நிறுத்த முடியாது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஒரு மருமகள் தனியாக வந்தாள். என்ன பயிர் என்றேன். "ஏதாவது கொடுங்கண்ணா" என்றாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள், விரல் நுனி வெளுத்திருந்தது. ஸ்டாக் வருகிறதம்மா, உட்காருங்கள் என்று ஸ்டூல் போட்டேன், டீ வரவழைத்தேன், மாதுவை அனுப்பி அவள் அம்மா வீட்டில் இருந்து ஆளை வரச்சொன்னேன். அண்ணன் வரும்வரை நானும் பேசாமல் பக்கத்திலேயே இருந்தேன். இப்போது வருஷா வருஷம் சாமந்தி நாற்றுக்கு உரம் வாங்க வருகிறாள். கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள்.

அப்படி யாராவது வந்தால் மருந்து இல்லை என்று விரட்டாதீர்கள், வேறு கடைக்குப் போய்விடுவார்கள். உட்கார வையுங்கள், தனியே விடாதீர்கள், வீட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மனசு விட்டுப் பேச 14416 என்று இலவச நம்பர் இருக்கிறது, கல்லாக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை அனுப்பினால் எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது, அப்பா போனில் சொன்னாலும். குடித்துவிட்டு வருகிறவருக்கும் கிடையாது. தெளிக்கும்போது யாருக்காவது மயக்கம் என்று போன் வந்தால் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், பாட்டிலை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். மாற்று மருந்து என்னவென்று அதில்தான் இருக்கும்.

மருந்து அலமாரிச் சாவி கல்லாவில் இருக்காது. என் இடுப்பிலேயே இருக்கும், இனி உங்கள் இடுப்பில். ஞாயிறு காலை 7 மணிக்கு வந்துவிடுங்கள், குடோன் முழுக்க ஒருமுறை சேர்ந்து எண்ணிவிட்டு, பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபிறகு சாவியைத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்